காலையில் எண்ணும் நாடி: மலையில் ஓடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 15 வருடமாக நெடுந்தூர ஓட்டம் சொல்லிக் கொடுக்கிறேன். சேர்ந்த முதல் வாரமே ஒரு 40 பக்க நோட்டைக் கையில் கொடுத்து, காலையில் கண் விழித்ததும் நாடியை எண்ணி எழுதச் சொல்லிவிடுவேன். அந்த நோட்டைப் பற்றிப் பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. மருத்துவரிடம் எப்போது போக வேண்டும் என்பதும் கீழே இருக்கிறது.

காலேஜ் மெடிக்கல் செக்கப்பில் என் பையனுக்குப் பல்ஸ் 44 என்றார்கள். நர்ஸ் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார், முகமே மாறிவிட்டது. இதயம் பலவீனமா சார்?

உங்கள் பையன் வாரத்துக்கு 70, 80 கிலோமீட்டர் ஓடுகிறான். மயக்கம், படபடப்பு எதுவும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் 44 என்பது பெரும்பாலும் அவன் ஓட்டத்தின் கணக்குதான்.

சும்மா படுத்திருக்கும் உடம்புக்கு நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடினால் போதும். ஓடாதவரின் இதயம் ஒரு துடிப்புக்கு 70 மில்லி தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 5 லிட்டரை எட்ட 70 தடவை துடிக்க வேண்டும். பல வருடம் நெடுந்தூரம் ஓடியவரின் இடது கீழறை விரிந்து, உடம்பில் ரத்தத்தின் அளவும் கூடியிருக்கும். ஒரு துடிப்புக்கு 110 மில்லி தள்ளினால் 45 தடவை போதும். குடம் பெரிதானால் கிணற்றுக்கு நடை குறையும், அவ்வளவுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. இதயத்தின் மேல்பகுதியில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணு இருக்கிறது. அதை அதன் போக்கில் விட்டால் இளம் வயதில் நிமிடத்துக்கு 100 அளவில் துடிக்கும். வேகஸ் என்ற நரம்பு பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பதால்தான் நமக்கெல்லாம் 70 வருகிறது. பயிற்சி செய்பவருக்கு அந்தப் பிரேக் இன்னும் அழுத்தமாக இருக்கும் என்பது பழைய விளக்கம். பிரேக் மட்டுமில்லை, பயிற்சியால் அந்தக் கணுவே மெதுவாகிவிடுகிறது என்று 2014-ல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் எலிகளை வைத்துக் காட்டினார்கள். இரண்டுக்கும் பங்கு இருக்கலாம்.

இதில் புதிது ஒன்றுமில்லை. 1899-லேயே ஹென்ஷன் என்ற ஸ்வீடன் மருத்துவர், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டிப் பார்த்தே அவர்களுக்கு இதயம் பெரிதாக இருப்பதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார். நர்ஸ் அம்மாவையும் குறை சொல்ல வேண்டாம். அவர் பார்க்கும் நோயாளிகளில் 44 வந்தால் பயப்படத்தான் வேண்டும். அடுத்த முறை “நெடுந்தூரம் ஓடுகிறவன்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

என் ஃப்ரெண்டுக்கு 41, எனக்கு 54. அவன் என்னைவிட நல்ல ரன்னரா?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்த எண்ணை வைத்து அதைச் சொல்ல முடியாது. பிறவியிலேயே சிலருக்குக் குறைவாகவும் சிலருக்குக் கூடுதலாகவும் இருக்கும். ஒரே வேகத்தில் ஓடும் இருவருக்குள் 12, 15 துடிப்பு வித்தியாசத்தை என் பிள்ளைகளிடமே பார்த்திருக்கிறேன். மிகெல் இந்துராயின் என்ற ஸ்பெயின் சைக்கிள் வீரருக்கு 28 என்று சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு ராத்திரியில் வாட்சைப் பார்த்து ஏங்குகிற பையன்கள் உண்டு. போட்டியை ஸ்டாப்வாட்ச் தீர்மானிக்கட்டும். உங்கள் 54-ஐ உங்கள் நேற்றைய 54-உடன் மட்டும் ஒப்பிடுங்கள்.

சரி, காலையில் எப்படி எண்ணுவது? தினமும் வேறு வேறு எண் வருகிறதே.

நான் பார்த்தவரை அந்த வித்தியாசத்தில் பாதி எண்ணும் விதத்தில் வருவது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கண் விழித்ததும் எழ வேண்டாம். அலாரம் அலறி எழுப்பியிருந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், இரண்டு மூன்று நிமிடம் அப்படியே மல்லாந்து கிடங்கள். கம்பளியை விலக்க வேண்டாம். நம்மூர் டிசம்பர் காலையில் போர்வையை எடுத்தால் உடம்பு நடுங்கும், நடுங்கினால் துடிப்பு ஏறும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலும் துடிப்பு கூடும். அப்படி இருந்தால் போய்விட்டு வந்து படுத்து, 5 நிமிடம் கழித்து எண்ணுங்கள். எதைச் செய்தாலும் தினமும் அதையே செய்ய வேண்டும். ஒரு நாள் டீ குடிக்கும் முன், மறுநாள் டீக்குப் பின் என்றால் நோட்டே வீண்.

கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு விரலை லேசாக வையுங்கள். கட்டைவிரலால் தொட்டால் அதன் சொந்தத் துடிப்பே குழப்பும். கழுத்தில் அழுத்திப் பார்க்க நான் யாரையும் அனுமதிப்பதில்லை. அங்கே அழுத்தினால் துடிப்பு குறையக்கூடும், சிலருக்குத் தலை சுற்றும்.

முழு 60 விநாடியும் எண்ணுங்கள். இதில்தான் எல்லோரும் சோம்பல்படுகிறார்கள். 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்கும்போது, ஒரு துடிப்பைத் தவறவிட்டாலே கணக்கில் 4 குறைந்துவிடும். நாம் தேடும் மாற்றமே 4, 5 துடிப்புதான். 15 விநாடியில் எண்ணினால் அந்த மாற்றமும் உங்கள் தவறும் ஒரே அளவில் இருக்கும், எது எதுவென்று பிரிக்க முடியாது.

அப்புறம் எழுந்து நில்லுங்கள். நின்றதும் துடிப்பு சட்டென்று ஏறி, கொஞ்சம் இறங்கி, ஓர் இடத்தில் நிலைக்கும். ஒன்றரை நிமிடம் அசையாமல் நின்றுவிட்டு, அடுத்த 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். படுத்த எண், நின்ற எண், இரண்டையும் எழுதுங்கள். பக்கத்தில் தூக்கம் எப்படி, கால் எப்படி என்று தலா ஒரு வார்த்தை. எல்லாம் சேர்த்து 6 நிமிடம் ஆகும்.

முதல் 2 வாரம் இந்த எண்களை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். வழக்கமான பயிற்சி, காய்ச்சல் சளி இல்லாத நாட்கள், இவற்றின் சராசரிதான் உங்கள் அடித்தளம். அதோடு, மிகக் குறைந்தது எது, மிக அதிகம் எது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளிக்குள் இருக்கும் ஏற்ற இறக்கத்துக்கு அர்த்தம் தேட வேண்டியதில்லை.

வாட்ச் 43 காட்டுகிறது, விரலால் எண்ணினால் 49 வருகிறது. எதை நம்புவது?

இரண்டும் சரியாக இருக்கலாம். பல வாட்ச்கள் 24 மணி நேரத்தில், பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில், மிகக் குறைந்த துடிப்பு இருந்த நேரத்தைப் பிடித்து அதையே ஓய்வுநிலைத் துடிப்பு என்று காட்டும். நீங்கள் எண்ணுவது விழித்த பிறகு. இரண்டும் வேறு அளவைகள். ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே இருங்கள், வாட்ச் மாற்றினால் அடித்தளத்தை மறுபடி 2 வாரம் எடுங்கள்.

மலைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வாட்சின் பச்சை விளக்கு தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தைப் பார்த்துத்தான் எண்ணுகிறது. குளிரில் கை விறைத்தால் தோலுக்கு வரும் ரத்தம் குறையும், வாட்ச் தடுமாறும். ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் கையைப் போர்வைக்கு வெளியே போட்டுத் தூங்கியவனின் வாட்ச் அபத்தமான எண்களைக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். ஓடும்போது இது இன்னும் மோசம். சில நேரம் துடிப்பை விட்டுவிட்டு உங்கள் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு 170, 180 என்று காட்டும். ஓட்டத்தில் துடிப்பு தெரிய வேண்டுமென்றால் மார்புப் பட்டை வாங்குங்கள். காலை நாடிக்கு விரலே போதும், காசும் கிடையாது.

எத்தனை துடிப்பு கூடினால் ஓய்வு எடுக்க வேண்டும்?

எல்லோரும் “5 கூடினால் ஓய்வு” என்பார்கள். அது மோசமான விதி இல்லை. ஆனால் ஒரு நாள் 5 கூடுவதற்கும் மூன்று நாள் தொடர்ந்து 5 கூடியிருப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அது எங்கே உதவும், எங்கே கையை விரிக்கும் என்பதை ஒரு பெண்ணின் நோட்டை வைத்தே சொல்கிறேன்.

அவள் 5000 மீட்டர் ஓடுகிறவள், வயது 20. வீடு கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியில், அதாவது மலைக் கிராமத்தில். முதல் 14 நாள் படுத்த எண் 46-க்கும் 50-க்கும் நடுவிலேயே இருந்தது, சராசரி 48. நின்ற எண் 66-ஐ ஒட்டி வந்தது. அதாவது எழுந்தால் 18 கூடும். இதுதான் அவளுடைய அடித்தளம்.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, நான் ஊரில் இல்லை. தோழிகளோடு சேர்ந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் 16 கிலோமீட்டர் இறக்கத்திலேயே ஓடிவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறாள். மூச்சு வாங்கவே இல்லை என்று சந்தோஷம். திங்கள் காலை 49. செவ்வாய் 48. நோட்டு “எல்லாம் நலம்” என்றது. ஆனால் கால் என்ற இடத்தில் “படி இறங்க முடியவில்லை” என்று எழுதியிருந்தாள்.

இறக்கத்தில் ஓடும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது, அப்போதுதான் தசை இழைகள் அதிகம் கிழிகின்றன. வலி அடுத்த 1 முதல் 3 நாளில் உச்சத்துக்கு வரும். இதயத்துக்கு அந்த ஓட்டத்தில் பெரிய வேலையே இல்லை, அதனால் காலை நாடி அசையாது. நாடி காலைப் பார்க்காது என்பதை அன்றைக்கு அவளும் கற்றுக்கொண்டாள், நானும்தான். எண் நன்றாக இருக்கிறதே என்று செவ்வாய் மாலை, நடுநடுவே ஓய்வு விட்டு வேகமாக ஓடும் 1000 மீட்டர் இன்டர்வல் ஐந்தையும் ஓடிவிட்டாள்.

புதன் காலை 52. இடைவெளியைத் தாண்டிவிட்டது, ஆனால் கடினமான பயிற்சிக்கு மறுநாள் 3, 4 கூடுவது சகஜம். இப்படி ஒரு நாளுக்காக நான் யாரையும் நிறுத்த மாட்டேன், மெதுவான ஓட்டமாக மட்டும் மாற்றுவேன். வியாழன் காலை 54, நின்றால் 83. இங்கேதான் நோட்டு கத்தியது. படுத்த எண் 6 கூடியிருக்கிறது, அது இரண்டாவது நாளாகத் தொடர்கிறது. அதைவிட, எழுந்ததும் 18 கூட வேண்டியது 29 கூடுகிறது. இப்படி நிற்கும் எண் மட்டும் அதிகமாக விரிந்தால் முதலில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று கேட்பேன். அவள் நன்றாகத்தான் குடித்திருந்தாள். தொண்டை லேசாக உலர்ந்திருக்கிறது என்றாள். அன்று பயிற்சி வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். வெள்ளி காலை 57, மாலையில் காய்ச்சல் வந்துவிட்டது.

காய்ச்சலில் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு நிமிடத்துக்கு 10 அளவில் ஏறும். காய்ச்சல் தெரிவதற்கு முன்பே உடம்பு கிருமியோடு சண்டையைத் தொடங்கிவிடுவதால் நாடி ஒரு நாள் முன்னதாகக் காட்டிக்கொடுக்கும். பயிற்சிக் களைப்பைவிட இதைத்தான் காலை நாடி நன்றாகப் பிடிக்கிறது என்பது என் அனுபவம்.

திரும்பி வந்த கதைதான் முக்கியம். ஞாயிறு 58. திங்கள் 55, காய்ச்சல் இல்லை. செவ்வாய் 52. புதன் 50, அவளுக்கு ஓட வேண்டும் என்று துடிப்பு. அன்று நின்ற எண் இன்னும் 76-ல் இருந்தது, அதனால் எஸ்டேட் ரோட்டில் நடைமட்டும் என்றேன். வியாழன் 49, நின்றால் 70. அன்று 20 நிமிடம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். வெள்ளி 48, நின்றால் 67. அதன்பிறகும் மூன்று நாள் மெதுவான ஓட்டம், அடுத்த செவ்வாய்தான் இன்டர்வல். காய்ச்சலோடும், விட்ட உடனேயும் கடினமாக ஓடக் கூடாது. சில வைரஸ்கள் இதயத் தசையையும் தாக்கும், அப்போது ஓடினால் ஆபத்து. இதில் நான் எந்தப் பேரமும் பேசுவதில்லை.

ஆக, என் கணக்கு இப்படி. இடைவெளியைத் தாண்டி ஒரு நாள் கூடினால் அன்றைய கடினப் பயிற்சியை மெதுவாக்குங்கள். இரண்டாம் நாளும் கூடியிருந்தால், அல்லது நின்ற எண்ணும் சேர்ந்து ஏறியிருந்தால், ஓய்வு எடுத்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். தூக்கம், தண்ணீர், சளி, நேற்று ராத்திரி 10 மணிக்குச் சாப்பிட்ட கல்யாண விருந்து, குடி, வீட்டுச் சண்டை, எதுவாகவும் இருக்கலாம். எண் சுமையைத்தான் சொல்லும், சுமையின் பெயரைச் சொல்லாது.

நான் கோயம்புத்தூர்க்காரன். ஒரு மாதப் பயிற்சிக்கு ஊட்டி வந்தேன், மறுநாளே 8 கூடிவிட்டது. திரும்பிப் போய்விடவா?

போக வேண்டாம். ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. அதோடு, உயரத்துக்கு வந்த முதல் நாட்களில் சிறுநீர் அதிகம் போய் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறையும், அதனாலும் துடிப்பு ஏறும். ஒன்றிலிருந்து இரண்டு வாரத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும்.

அதுவரை கோவை நோட்டின் எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். முதல் வாரம் எச்.ஏ.டி.பி. மைதானத்தில் எல்லோரும் இன்டர்வல் ஓடுவதைப் பார்த்து நீங்களும் இறங்காதீர்கள், மெதுவாக மட்டும் ஓடுங்கள். எண் தினம் ஒன்றிரண்டாக இறங்கிக்கொண்டிருந்தால் உடம்பு பழகுகிறது. நாலைந்து நாளாகியும் இறங்காமல் நின்றால் பயிற்சி அதிகம், அல்லது சளி பிடித்திருக்கிறது. எண் நிலைத்த பிறகு ஊட்டிக்கென்று தனி அடித்தளம் எடுங்கள்.

இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பிரச்சினை. மே மாதம் சென்னையில் போட்டி என்று இறங்கி, மின்விசிறி மட்டும் இருக்கும் அறையில் படுத்தால் காலை நாடி 5, 6 கூடியிருக்கும். அது வெக்கை. தோலைக் குளிர்விக்க ரத்தத்தை அங்கே திருப்ப வேண்டியிருக்கிறது. போட்டிக்கு முந்தைய நாள் அதைப் பார்த்துப் பதறாமல் இருப்பதற்காக, பயணத்தில் நோட்டைக் கொண்டுவராதே என்றே சிலரிடம் சொல்லிவிடுவேன்.

துடிப்பு வழக்கத்தைவிட 4 குறைந்திருக்கிறது. ஆனால் கால் கல்லாகக் கனக்கிறது. குறைந்தால் நல்லதுதானே?

இந்தக் கேள்வியைக் கேட்டவன் புத்திசாலி. பெரும்பாலானவர்கள் எண் குறைந்ததும் குஷியாகிவிடுவார்கள், கால் சொல்வதைக் கேட்க மாட்டார்கள்.

கடுமையான முகாம் ஒன்றில் தொடர்ந்து பல நாள் ஓடியவர்களுக்கு ஓய்வுத் துடிப்பு ஏறும் என்றுதான் நாம் எதிர்பார்க்கிறோம். நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் பல சமயம் அது ஏறுவதே இல்லை, இறங்கவும் செய்கிறது. இதைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளும், வாரக்கணக்கில் சேர்ந்த களைப்பைக் காலை நாடி ஒன்றை மட்டும் வைத்து நம்பிக் கண்டுபிடிக்க முடியாது என்றுதான் சொல்கின்றன. ஒரு காரணம் எளிது: நெடுந்தூரம் ஓடினால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், ஒரு துடிப்புக்குத் தள்ளும் அளவு கூடும், துடிப்பு குறையும். இன்னொன்று, களைத்த உடம்பில் அந்த வேகஸ் பிரேக் அளவுக்கு மீறி அழுத்திக்கொள்வது. மேட்டுப்பாதையில் பிரேக்கை விடாமல் ஆக்சிலேட்டரை மிதித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கும் அந்த ஓட்டம்.

நல்ல குறைவையும் களைத்த குறைவையும் பிரிக்க, படுக்கையைவிட்டு எழுந்து ஓடிப் பார்க்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு சுற்று வைத்திருக்கிறேன். டீத்தோட்டத்துக்கு நடுவே 3 கிலோமீட்டர், கொஞ்சம் ஏற்றம், எப்போதும் ஒரே வேகம், மார்புப் பட்டையோடு. தேறியவனுக்கு அந்தச் சுற்றில் துடிப்பு குறைவாக இருக்கும், “சும்மா ஜாலியா இருந்துச்சு சார்” என்பான். களைத்தவனுக்கும் துடிப்பு குறைவாகத்தான் இருக்கும், ஆனால் முகம் சுண்டிப்போய் வருவான். வேகத்தைக் கூட்டச் சொன்னால், வழக்கமாக 180 தொடுகிறவன் 168-லேயே நின்றுவிடுவான். மூச்சு முட்டும், எண் ஏறாது. இதைப் பார்த்தால் 4, 5 நாள் பயிற்சியைப் பாதியாக்குவேன். அதிலும் தேறவில்லை என்றால் முழு ஓய்வு.

குறைவுக்கு மூன்றாவது காரணம் ஒன்று உண்டு, அதைச் சொல்லத்தான் இந்தக் கேள்வியைச் சேர்த்தேன். சாப்பாடு போதாமை. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று யாரோ சொல்ல, காலையில் டீயும் ஒரு வர்க்கியும், மதியம் ஒரு கரண்டிச் சோறு என்று ஓடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். செலவழிக்கும் அளவு சாப்பிடாத உடம்பு மிச்சம் பிடிக்கத் தொடங்கும், இதயத்தையும் மெதுவாக்கும். நோட்டில் அது “ஃபிட்னஸ்” மாதிரியே தெரியும். எப்போதும் குளிர்கிறது, எடை இறங்குகிறது, எலும்பில் வலி, பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகிறது அல்லது நின்றேவிட்டது என்றால், குறைந்த எண்ணைக் கொண்டாடாதீர்கள். ஓட்டத்தைக் குறைத்து, சாப்பாட்டைக் கூட்டி, மருத்துவரைப் பாருங்கள்.

மாதவிலக்குக்கு முந்தைய வாரம் எனக்கு எப்போதும் 3 கூடுகிறது. அதையும் களைப்பாக எடுக்க வேண்டுமா சார்?

வேண்டாம்மா. கருமுட்டை வெளிவந்த பிறகு உடம்புச் சூடு லேசாக ஏறும், துடிப்பும் 2, 3 ஏறும், மாதவிலக்கு தொடங்கியதும் இறங்கும். 2 மாதம் நோட்டு எழுதினால் உங்கள் அலை தெரிந்துவிடும். அந்த வாரத்தைப் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். முன்பெல்லாம் இதைக் கவனிக்காமல், நல்ல நிலையில் இருந்த பிள்ளைகளை மாதம் ஒரு தடவை நானே வீணாக ஓய்வில் உட்காரவைத்திருக்கிறேன்.

எந்த நிலையில் டாக்டரைப் பார்க்க வேண்டும்?

எண்ணைவிட அறிகுறிதான் முக்கியம். மயங்கி விழுந்தாலோ, விழப்போகிற மாதிரி கண் இருட்டினாலோ, அதுவும் ஓடும்போது நடந்தால், அன்றே போக வேண்டும். நெஞ்சுவலி, வழக்கமில்லாத மூச்சுத்திணறல், திடீரென்று நெஞ்சு தாறுமாறாக அடிப்பது, இவையும் அப்படியே. வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

பயிற்சியால் மெதுவான இதயம் வேலை கொடுத்தால் ஏறும். படுத்தால் 42 இருப்பவன் நாலு மாடி வேகமாக ஏறினால் 100-ஐத் தாண்ட வேண்டும். எவ்வளவு ஏறினாலும் துடிப்பு எழும்பவில்லை, தலை சுற்றுகிறது என்றால் அது பயிற்சியின் வேலை இல்லை. ஓடாதவருக்கு 45 வந்தாலும் விசாரிக்க வேண்டும். தைராய்டு குறைவு, ரத்த அழுத்தத்துக்குத் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எல்லாம் துடிப்பைக் குறைக்கும்.

மருத்துவர் ஈசிஜி எடுப்பார். விளையாட்டுக்காரர்களின் ஈசிஜியை எப்படிப் படிப்பது என்று 2017-ல் ஒரு சர்வதேச வழிகாட்டுதல் வந்தது. அறிகுறி இல்லாத வீரருக்கு, சீரான தாளத்தில் 30 வரை துடிப்பு குறைவதை அது இயல்பாகவே எடுத்துக்கொள்கிறது. 30-க்கும் கீழே போனாலோ, 3 விநாடிக்கு மேல் துடிப்பு நின்று வந்தாலோ மேற்கொண்டு பார்க்கச் சொல்கிறது. பல வருடம் ஓடிய, நாற்பதைத் தாண்டியவர்கள் விரலை வைக்கும்போது எண்ணை மட்டும் பார்க்காமல் தாளத்தையும் கவனியுங்கள். நீண்டகாலம் கடுமையாக ஓடியவர்களுக்கு இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கும் கோளாறு கொஞ்சம் அதிகமாக வருகிறது. மூச்சை இழுத்தால் வேகமாகவும் விட்டால் மெதுவாகவும் அடிப்பது இயல்பு. எந்த ஒழுங்கும் இல்லாமல் அடித்தால் காட்டிவிடுங்கள்.

பரீட்சைக்காக 3 வாரம் ஓடவில்லை. 48 இருந்தது 53 ஆகிவிட்டது. இத்தனை வருட உழைப்பும் போச்சா?

போகவில்லை தம்பி. நிறுத்திய முதல் சில நாளிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி குறையத் தொடங்கும், நாடி ஏறுவதில் பெரும்பங்கு அதுதான். பரீட்சைத் தூக்கமின்மைக்கும் ஒரு பங்கு இருக்கும். நீர்ப்பகுதிதான் முதலில் திரும்பி வருவதும். முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 30 நிமிடம் மெதுவாக ஓடுங்கள், எண் 50-க்குக் கீழே வந்து மூன்று நாள் நின்றதும் பழைய தூரத்துக்குப் போகலாம். அந்த 3 வாரத்துப் பக்கத்தில் “பரீட்சை” என்று பெரிதாக எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் சராசரி எடுக்கும்போது அந்த எண்களையும் சேர்த்துவிடுவீர்கள்.